பழைய வாடிக்கையாளர்களிடம் கட்டண உயர்வை அறிவிப்பது எப்படி

மாதந்தோறும் கட்டணம் பெற்றுச் சேவை செய்யும் சிறு தொழிலில், முதல் முறையாக விலையை உயர்த்த வேண்டிய நிலைக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையில் ஒரு பொருளின் விலை ஏறினால், வேண்டுமென்றால் வாங்குவார்கள், வேண்டாமென்றால் அடுத்த கடைக்குப் போவார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் உங்களிடம் கணக்கெழுதக் கொடுத்து வருபவரின் மனத்தில் ஒரு தொகை பதிந்துபோயிருக்கிறது, அதைத் தமக்கும் உங்களுக்கும் இடையே ஆன பேச்சாகவே அவர் நினைக்கிறார். அதனால் விலை உயர்கிறது என்று கேட்டவுடன், தொகை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்பே, "பேச்சு மாறுகிறார்களோ" என்ற எண்ணம் அவருக்கு வருகிறது. அறிவிப்பின் வேலை அந்த எண்ணத்துக்கு நேர்மையான பதிலைத் தருவதுதான்.

எந்த விலையேற்றத்தை மக்கள் நியாயம் என்று ஏற்கிறார்கள், எதை ஏற்பதில்லை என்பதை டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற மூவர் கனடாவில் தொலைபேசி வழியே பலரிடம் கேட்டு, 1986-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பனிப்புயல் அடித்த மறுநாள் காலையில் ஒரு கடைக்காரர் பனி அள்ளும் மண்வெட்டியின் விலையை 15 டாலரிலிருந்து 20 டாலராக ஏற்றுகிறார் என்ற கதையைச் சொன்னபோது, 82 சதவீதத்தினர் அது நியாயமில்லை என்றார்கள். மொத்த விலை 30 சென்ட் ஏறியதால் மளிகைக்காரரும் கீரையின் விலையை 30 சென்ட் ஏற்றுகிறார் என்ற கதையில், 79 சதவீதத்தினர் அதை ஏற்றுக்கொண்டார்கள். விற்பவர் தம் பழைய லாபத்தைக் காத்துக்கொள்வதை மக்கள் குறை சொல்வதில்லை, தங்கள் அவசரத்தைப் பயன்படுத்தி லாபத்தைக் கூட்டுவதைத்தான் பொறுப்பதில்லை. கீரைக் கதையில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: செலவு ஏறிய அளவும் விலை ஏறிய அளவும் ஒன்றாக இருக்கின்றன. காரணம் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, தொகை அந்தக் காரணத்தோடு பொருந்தவும் வேண்டும். ஆகவே கடிதம் எழுத உட்காருவதற்கு முன் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

முதலில் செலவுத் தாள்

ஓர் எடுத்துக்காட்டோடு போவோம். 40 சிறு நிறுவனங்களுக்கு மாதக் கணக்கெழுதித் தரும் ஒரு சேவை இருக்கிறது, ஒவ்வொருவரிடமும் மாதம் 1,000 வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இது எந்த நாணயமாகவும் இருக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்த விலையை வைத்தபோது ஒரு வாடிக்கையாளருக்கு ஆன செலவு இப்படி இருந்தது: ஊழியர் சம்பளம் 550, மென்பொருள் சந்தா 90, வாடகையும் மின்சாரமும் 110, மற்றவை 50. மொத்தம் 800, கையில் நின்றது 200. இன்று சம்பளம் 12 சதவீதம் ஏறி 616 ஆகிவிட்டது. மென்பொருள் 120, வாடகையும் மின்சாரமும் 119, மற்றவை அதே 50. மொத்தம் 905 ஆகிறது, மீதி 95 மட்டுமே.

இந்த இடத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. லாபம் விலையில் 20 சதவீதமாகவே இருக்க வேண்டும் என்றால் புதிய விலை 1,131 வரும். ஏறிய செலவை மட்டும் சேர்ப்பது என்றால் 1,105 வரும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் முதல் வழியையே இயல்பானதாக நினைப்பார்கள், ஏனென்றால் விற்பனை நிலவரத்தைச் சதவீதத்தில் பார்த்துப் பழகியிருப்பார்கள். ஆனால் வாடிக்கையாளர் "எவ்வளவு செலவு ஏறியது?" என்று கேட்டால் 105 என்றுதான் சொல்ல முடியும், மீதி 26-க்குச் செலவுக் காரணம் எதுவும் இல்லை. என் கருத்தில், பழைய வாடிக்கையாளர்களுக்கு 1,105-க்கு மேல் போகக் கூடாது. 5-ஐ நாமே ஏற்றுக்கொண்டு 1,100 என்று வைத்தால் சொல்லவும் எளிது, ஏறிய செலவைவிடக் குறைவாகவே ஏற்றியிருக்கிறோம் என்று உண்மையாகவே சொல்லலாம்.

அடுத்து, எத்தனை பேர் விலகினால் தாங்க முடியும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாடிக்கையாளர் போனால் 905-உம் மிச்சமாகாது, வாடகை அப்படியேதான் இருக்கும். அவருக்கான மென்பொருள் சந்தா 120, பகுதிநேர ஊழியருக்குத் தரும் 180, ஆக 300 மட்டும் மிச்சமாகும் என்று கொள்வோம். பழைய விலையில் ஒருவரால் வந்துசேர்வது 700, 40 பேருக்கு 28,000. புதிய விலையில் ஒருவரால் வருவது 800. 28,000-ஐ 800-ஆல் வகுத்தால் 35. அதாவது ஐந்து பேர் விலகினாலும் நிலைமை விலை ஏற்றாமல் இருந்ததைவிட மோசமாகாது. இந்த எண்ணைத் தெரிந்துவைத்திருப்பது நெஞ்சுறுதிக்கு உதவும். இரண்டு பேர் கோபமாகப் பேசியவுடன் பதறிப்போய் எல்லோருக்கும் சலுகை அறிவிப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்தான்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஆனால் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொருவரோடும் செய்த ஒப்பந்தத்தை எடுத்து, விலையை மாற்ற எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதையும், எந்தத் தேதி வரை விலை மாறாது என்று உறுதி கொடுத்திருக்கிறோம் என்பதையும், யார் முன்பணம் கட்டியிருக்கிறார்கள் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டியவருக்கு அந்தக் காலம் முடியும் வரை பழைய விலைதான். ஒப்பந்தம் எழுதாமல் வாய்ப்பேச்சில் ஓடும் கணக்குகளில் பழைய மின்னஞ்சல்களைத் தேடிப் பாருங்கள். "இந்த ஆண்டு முழுக்க இதே விலைதான்" என்று எப்போதோ எழுதிய ஒரு வரி அங்கே இருக்கக்கூடும், அதை வாடிக்கையாளர் மறந்திருக்க மாட்டார்.

தேதியும் வரிசையும்

முன்னறிவிப்பு 30 நாள் போதும் என்று ஒப்பந்தம் சொன்னாலும், தொழில் நிறுவனங்களுக்கு 60 நாட்களாவது கொடுப்பது நல்லது. வேறு இரண்டு இடங்களில் விலை கேட்டுப் பார்த்து, தம் கூட்டாளியிடம் கலந்து, வேண்டுமென்றால் மாறிப்போகவும் போதிய காலம் அவருக்கு இருக்க வேண்டும். விலகிப்போக அவகாசம் தருவது ஆபத்து என்று தோன்றலாம். ஆனால் அவகாசம் இல்லாமல் மாட்டிக்கொண்டதாக உணரும்போதுதான் அந்த மண்வெட்டிக் கதை நினைவுக்கு வருகிறது. கணக்கெழுதும் சேவையில் ஆண்டுக் கணக்கை முடிக்கும் மாதங்களில் யாராலும் எங்கும் நகர முடியாது. ஆகவே அந்த மாதங்களை ஒட்டி விலையை உயர்த்துவது, உள்நோக்கம் இல்லாவிட்டாலும், அவர்களுடைய அவசரத்தைப் பயன்படுத்துவதாகவே படும். உங்கள் பக்கம் தவறு நடந்து இன்னும் சரிசெய்யப்படாத வாடிக்கையாளர் இருந்தால், அதை முதலில் முடித்துவிட்டு, பிறகு விலையைப் பற்றிப் பேசுங்கள்.

தேதியை நாள், மாதம், ஆண்டு என்று முழுதாக எழுத வேண்டும். நான் முதன்முறை விலை ஏற்றியபோது "அடுத்த காலாண்டு முதல்" என்று எழுதிவிட்டேன். ஒரு வாடிக்கையாளர் அதைத் தம் நிதியாண்டின் காலாண்டு என்று எடுத்துக்கொண்டார், அது என் கணக்கைவிட இரண்டு மாதம் தள்ளி வந்தது. புதிய பில் போனதும் அவர் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: "நீங்கள் சொன்ன தேதி இதுவா?" கடிதத்தைத் திறந்து பார்த்தேன், அவர் படித்தது தவறு என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. இரண்டு மாத வித்தியாசத்தையும் திருப்பிக் கொடுத்தேன். தொகை சிறியதுதான், ஆனால் அதற்குப் பிறகு நெடுநாள் அவர் என் ஒவ்வொரு பில்லையும் வரி வரியாகச் சரிபார்த்தார்.

யாருக்கு முதலில் சொல்வது என்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் உங்கள் ஊழியர்கள், ஏனென்றால் வாடிக்கையாளர் கடிதத்தைப் படித்தவுடன் கூப்பிடுவது அவர்களைத்தான். "எனக்கே இப்போதுதான் தெரியும்" என்று ஓர் ஊழியர் சொல்லிவிட்டால், பிறகு எவ்வளவு விளக்கினாலும் ஒட்டாது. அடுத்து, உங்கள் வருமானத்தில் பெரிய பங்கு தருபவர்களும் தொடக்கம் முதல் கூடவே இருப்பவர்களுமான ஐந்தாறு பேர். அவர்களுக்குத் தொலைபேசியில் நீங்களே சொல்லுங்கள், கடிதம் அன்றே போய்ச் சேரட்டும். அதே நாளில் மற்ற எல்லோருக்கும் கடிதம் போக வேண்டும். இணையதளத்தில் இருக்கும் விலைப்பட்டியலை அதற்குப் பிறகுதான் மாற்ற வேண்டும். பழைய வாடிக்கையாளர் ஒருவர் புதிய விலையைத் தற்செயலாக இணையதளத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வதைப் போல மனத்தைப் புண்படுத்துவது வேறில்லை.

கடிதம்

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2011 ஜூலை 12 அன்று நெட்ஃபிளிக்ஸ், இணையவழிப் படங்களையும் டிவிடி வட்டுகளையும் சேர்த்து 9.99 டாலருக்குத் தந்து வந்த திட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 7.99 டாலர் என்று அறிவித்தது. இரண்டும் வேண்டுபவருக்கு 15.98, அதாவது ஏறத்தாழ 60 சதவீத உயர்வு. அறிவிப்போ புதிய விலைகள் ஒவ்வொன்றும் நல்ல மதிப்புள்ளவை என்று புகழ்ந்தது. அந்தக் காலாண்டிலேயே அமெரிக்காவில் சுமார் 8 லட்சம் சந்தாதாரர்கள் குறைந்தார்கள். நிறுவனத் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் செப்டம்பரில், அறிவித்த விதத்தில் மரியாதையும் பணிவும் இல்லாமல் போய்விட்டது என்று ஒப்புக்கொண்டு, அப்போதுதான் காரணத்தை விரிவாக விளக்கினார். 60 சதவீத உயர்வை எந்தக் கடிதமும் இனிப்பாக்கியிருக்காது. ஆனால் உயர்வை உயர்வு என்று சொல்லாததும், விளக்கம் இரண்டு மாதம் தாமதமாக வந்ததும் தவிர்த்திருக்கக்கூடியவை.

புதியவர்கள் எழுதும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "தங்களுக்கு மேலும் சிறப்பான சேவையை வழங்கும் நோக்கில், எங்கள் கட்டண அமைப்பில் சில மாற்றங்களைச் செய்துள்ளோம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." இதில் விலை ஏறுகிறது என்ற செய்தியே இல்லை. சேவை மேம்படப் போகிறது என்பதும் உண்மையில்லை, அதே வேலைதான் தொடரப் போகிறது. "மகிழ்ச்சியுடன்" என்ற சொல், பணம் கட்டுபவருக்கு எரிச்சலைத்தான் தரும். நம் எடுத்துக்காட்டுச் சேவை அனுப்ப வேண்டிய கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம், தேதிகளில் ஆண்டை மட்டும் நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். வரும் ஜூலை 1 முதல் தங்கள் மாதக் கட்டணம் 1,000-இலிருந்து 1,100 ஆக உயர்கிறது. ஜூன் மாத வேலைக்கான பில் வரை இப்போதைய கட்டணமே தொடரும்.

இப்போதைய கட்டணம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வைத்தது. அதன்பின் எங்கள் ஊழியர்களின் சம்பளம் 12 சதவீதமும், கணக்கு மென்பொருளின் சந்தா மூன்றில் ஒரு பங்கும் உயர்ந்துள்ளன. வாடகையும் சற்றே ஏறியுள்ளது. இவை சேர்ந்து ஒரு வாடிக்கையாளருக்கு மாதம் 105 கூடுதலாகிறது, அதில் 100-ஐக் கட்டணத்தில் சேர்த்திருக்கிறோம். தங்களுக்குச் செய்யும் வேலையில் மாற்றம் எதுவும் இல்லை. தங்கள் கணக்கை இப்போது பார்த்துவருபவரே தொடர்ந்து பார்ப்பார். அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை இந்தக் கட்டணம் மாறாது.

செலவைக் குறைக்க விரும்பினால், மாத அறிக்கைக்குப் பதிலாகக் காலாண்டு அறிக்கை பெறும் வகையில் 1,000-க்கே தொடரலாம். தொடர வேண்டாம் என்று முடிவு செய்தால், ஜூன் 20-க்குள் தெரிவித்தால் போதும். கணக்குகள் அனைத்தையும் ஒழுங்காக ஒப்படைப்போம். இது பற்றிப் பேச என்னையே நேரடியாக அழைக்கலாம்."

கீழே முதலாளியின் பெயரும் நேரடி எண்ணும் இருக்க வேண்டும், "நிர்வாகம்" என்று கையெழுத்திடக் கூடாது. முதல் வரியிலேயே பழைய தொகை, புதிய தொகை, தேதி மூன்றும் வந்துவிடுவதைக் கவனியுங்கள். படிப்பவர் முதலில் தேடுவது அதைத்தான், அது கிடைக்கும் வரை காரணங்கள் எதுவும் அவர் மனத்தில் ஏறாது. "10 சதவீதம் உயர்கிறது" என்று மட்டும் எழுதினால் அவரே கணக்குப் போட வேண்டிவரும், சிலர் தவறாகவும் போடுவார்கள். காரணப் பத்தியில் எண்கள் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். செலவுத் தாளை முழுதாக இணைத்தால் ஒவ்வொரு வரியையும் பற்றிப் பேரம் தொடங்கிவிடும், தாள் உங்கள் மேசையில் இருந்தால் போதும். "வேலையில் மாற்றம் இல்லை" என்ற வரியை எழுதப் பலர் தயங்குவார்கள், கூடுதலாக எதையாவது தருவதாகச் சொல்லத் தோன்றும். ஆனால் செலவுதான் காரணம் என்று சொல்லிவிட்டு, கேட்காத புதிய வசதி ஒன்றையும் நீட்டினால், "அந்த வசதி எனக்கு வேண்டாம், பழைய விலைக்கே கொடுங்கள்" என்ற பதில் வரும், அதற்கு மறுமொழி சொல்வது கடினம்.

விலை மாறாது என்று ஒரு தேதி வரை உறுதி தருவது விருப்பத்தைப் பொறுத்தது. கொடுத்தால் காப்பாற்ற முடிய வேண்டும். மென்பொருள் நிறுவனம் மறுபடியும் சந்தாவை ஏற்றக்கூடும் என்ற ஐயம் இருந்தால், அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

பதில்கள் வரும்போது

பெரும்பாலானவர்கள் பதில் எழுத மாட்டார்கள், அதைச் சம்மதம் என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதுபவர்களில் சிலர் காரணத்தைக் கேட்பார்கள். அவர்களுக்குச் செலவுத் தாளில் உள்ளதை வாய்மொழியாகச் சொல்லுங்கள், கடிதத்தில் சொன்னதும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். சிலர், "பத்து ஆண்டாக இருக்கிறேன், எனக்குமா?" என்பார்கள். இந்தக் கேள்விதான் மனத்தை அசைக்கும். இங்கே ஒரே ஒரு விதியைக் கடைப்பிடிக்கச் சொல்வேன்: ஒருவருக்குத் தரும் சலுகை, மற்றவர்களுக்குத் தெரியவந்தால் வெட்கப்பட வேண்டாததாக இருக்க வேண்டும். காலாண்டு அறிக்கைக்கு மாறினால் பழைய விலை என்பது அத்தகையது, யார் கேட்டாலும் தரலாம். ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் புதிய விலை என்பதும் அத்தகையதே, ஆனால் அதைக் கடிதம் அனுப்பும் முன்பே முடிவு செய்து அந்த எல்லோருக்கும் தர வேண்டும். சத்தமாகக் கேட்டவருக்கு மட்டும் ரகசியமாகக் குறைப்பது, அமைதியாகக் கட்டியவருக்குச் செய்யும் அநீதி. ஒரே தொழிலில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள், விஷயம் வெளியே வந்தே தீரும்.

விலகுவதாகச் சொல்பவரைப் பிடித்து இழுக்க வேண்டாம். காரணத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, கோப்புகளைச் சொன்ன தேதியில் முழுதாக ஒப்படையுங்கள். ஒப்படைப்பைத் தாமதப்படுத்துவது, மிச்சமிருக்கும் 39 பேருக்கும் தெரியும்படி நடக்கிற செயல்.

முதல் புதிய பில்

கடிதம் நன்றாக எழுதியும் நம்பிக்கை உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஜூலை 1-க்கு என்று பில் மென்பொருளில் விலையை மாற்றும்போது, ஜூன் மாத வேலைக்கு ஜூலையில் போடும் பில்லுக்கும் புதிய விலையே விழுந்துவிடும். தேதி எதைக் குறிக்கிறது, வேலை நடந்த நாளையா பில் போட்ட நாளையா என்பதைக் கடிதத்தில் தெளிவாக்கியிருக்க வேண்டும். மேலே உள்ள கடிதத்தில் "ஜூன் மாத வேலைக்கான பில் வரை" என்று இருப்பது அதற்காகத்தான். முன்பணம் கட்டியவர்கள், காலாண்டு அறிக்கைக்கு மாறியவர்கள், தாமதமாகப் புதிய விலைக்கு வருபவர்கள் ஆகியோரின் பில்களை அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துவிடுங்கள், 40 பில்களுக்கு அரைமணி நேரம்தான் ஆகும். வங்கி வழியே தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டில், வாடிக்கையாளர் உச்சவரம்பாக 1,000 என்று வைத்திருந்தால், புதிய தொகை நிராகரிக்கப்பட்டு அவருக்குத் தேவையில்லாத எச்சரிக்கை போகும். அப்படிப்பட்டவர்களிடம் ஜூன் நடுவிலேயே சொல்லி மாற்றச் செய்யுங்கள். முதல் புதிய பில்லில், கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு ஒரு வரி சேர்த்தால், கடிதத்தைப் படிக்காமல் விட்டவரும் விவரத்தைத் தேடிக்கொள்வார். பில்லில் தவறு நேர்ந்துவிட்டால், அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் கூப்பிட்டுச் சொல்லித் திருத்துங்கள்.

அதன்பின் மூன்று மாதம் சில அறிகுறிகளைப் பார்த்துவர வேண்டும். ஐந்தாம் தேதியே பணம் கட்டி வந்தவர் இருபதாம் தேதிக்குப் போகிறாரா, வழக்கமாகக் கேட்கும் சந்தேகங்களைக் கேட்காமல் நிறுத்திவிட்டாரா, பழைய ஆண்டுகளின் கோப்புகளுக்குப் பிரதி கேட்கிறாரா என்பவை அவை. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் வேறோர் இடத்தோடு பேச்சு நடக்கிறது என்பதன் அடையாளம். இவர்களிடம் விலையைப் பற்றிப் பேச்செடுக்காமல், வேலை திருப்தியாக இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். மனக்குறை வேறெங்கோ இருந்து, விலை அதற்குச் சாக்காக இருப்பதும் உண்டு. விலகியவர்களின் எண்ணிக்கை நாம் போட்ட ஐந்தைத் தாண்டினால், அவர்கள் சொன்ன காரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொகை அதிகம் என்றவர்கள் பலரா, சொன்ன விதம் பிடிக்கவில்லை என்றவர்கள் பலரா என்பது தெரிந்தால்தான், விலையைத் திருத்துவதா, மிச்சமிருப்பவர்களை நேரில் பார்த்துப் பேசுவதா என்று முடிவெடுக்க முடியும்.

செலவுத் தாளில் அன்றைய தேதியை எழுதி, கடிதத்தின் பிரதியோடு சேர்த்து வையுங்கள். விலை மாறாது என்ற உறுதி முடியும் நாளுக்கு 90 நாள் முன்பாக நாட்காட்டியில் ஒரு குறிப்பு இருக்கட்டும். அன்று அதே நான்கு வரிகளை மறுபடி நிரப்பிப் பார்த்து, உயர்வு தேவைப்படுகிறதா என்று முடிவு செய்தால், 60 நாள் முன்னறிவிப்புக்கும் கடிதம் எழுதுவதற்கும் போதிய நேரம் இருக்கும்.